பேத்திக்கு வைத்த ஒரு லட்சம்: கேள்வி பதில்

வங்கிக் கிளையில் டெபாசிட் பிரிவில் பல வருஷம் இருந்தவன் என்பதால், பிறந்த குழந்தையின் பெயரில் ஒரே தடவை பணம் போட்டுவிட்டு 18 வயது வரை விட்டு வைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"பேத்தி பிறந்து மூணு மாசம் ஆகுது. அவ பேருல ஒரு லட்சம் எஃப்.டி. போட்டு 18 வயசு வரைக்கும் தொடாம வச்சா எவ்வளவு வரும் சார்?" (கும்பகோணம்)

7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஒரு தடவை வட்டி சேர்த்தால் 3 லட்சத்து 38 ஆயிரம். வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சேர்ப்பதால் 3 லட்சத்து 49 ஆயிரம் வரை வரும். கணக்கு எளிதாக இருக்க, கீழே எல்லா இடத்திலும் வருஷ வட்டியையே எடுத்துக்கொள்கிறேன்.

பணம் எப்போது வளர்கிறது என்று பாருங்கள். முதல் வருஷ வட்டி 7,000 ரூபாய். பதினெட்டாவது வருஷ வட்டி மட்டும் 22,000 ரூபாய்க்கு மேல். அதனால் நடுவில் கை வைத்தால் இழப்பு எடுத்த தொகையோடு நிற்காது. பேத்திக்கு 12 வயதாகும்போது பள்ளிக் கட்டணத்துக்கு 50,000 எடுத்தால், 18-இல் கிடைக்கும் தொகையில் 75,000 குறையும்.

இன்னொன்று, 18 வருஷத்துக்கு ஒரே எஃப்.டி. போட முடியாது. பெரும்பாலான வங்கிகளில் அதிகபட்சம் 10 வருஷம்தான். பத்தாவது வருஷம் புதுப்பிக்கும்போது அன்றைய வட்டிதான் கிடைக்கும். 2020-இல் நீண்டகால டெபாசிட் வட்டி பல பெரிய வங்கிகளில் ஐந்தரைக்குப் பக்கம் இறங்கியது. உங்கள் பேத்தி விஷயத்திலும் அப்படி நடந்தால், கடைசி எட்டு வருஷம் ஐந்தரையில் வளர்ந்து 3 லட்சத்து 2 ஆயிரத்தில் நிற்கும்.

"72-ஐ வட்டியால வகுத்தா எத்தனை வருஷத்துல பணம் இரட்டிக்கும்னு தெரியும். 8 சதவீதம்னா 9 வருஷம். அப்போ 18 வருஷத்துல நாலு மடங்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" (ஓசூர்)

பெருக்கல் சரிதான், 8 சதவீதத்தில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வரும். ஆனால் அந்த 8 முழுசாகக் குழந்தைக்குப் போய்ச் சேருமா என்று பார்க்க வேண்டும்.

மைனர் குழந்தையின் வட்டி வருமானம், அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். பணத்தைக் கொடுத்தது தாத்தாவாக இருந்தாலும் அப்படித்தான். பழைய வரி முறையில் ஒரு குழந்தைக்கு வருஷம் 1,500 ரூபாய் கழிவு உண்டு, புதிய முறையில் அதுவும் கிடையாது. வட்டி கைக்கு வராவிட்டாலும் பொதுவாக வருஷா வருஷம் அதை வருமானமாகக் காட்ட வேண்டும்.

30 சதவீத வரி கட்டும் அப்பாவுக்கு 7 சதவீத எஃப்.டி. உண்மையில் 4.9 சதவீதம்தான். 18 வருஷத்தில் ஒரு லட்சம் 2 லட்சத்து 37 ஆயிரம் ஆகும். அதே காலத்தில் விலைவாசி வருஷம் 5 சதவீதம் ஏறினால், இன்றைக்கு ஒரு லட்சத்துக்கு வாங்குவதை அன்றைக்கு வாங்க 2 லட்சத்து 41 ஆயிரம் வேண்டும். தொகை இரண்டு மடங்குக்கு மேல் ஆகியும் வாங்கும் சக்தி கொஞ்சம் குறைந்துவிட்டது. அப்பா வரியைக் கைக்காசிலிருந்து கட்டினால் டெபாசிட் முழுசாக வளரும், ஆனால் குடும்பத்துக்கு அது செலவுதான். வரி வரம்புக்குள் வராத பெற்றோருக்கு இந்தச் சிக்கலே இல்லை, அவர்களுக்கு எஃப்.டி. நல்ல வழி.

"என் நாத்தனார் பையனுக்கும் இப்படித்தான் போட்டாங்க. மூணு மாசத்துக்கு ஒருமுறை வட்டி சேமிப்புக் கணக்குக்கு வந்துடுது. அதுவும் கூட்டு வட்டிதானே?" (மதுரை)

இல்லைங்க. வட்டி வெளியே வந்துவிட்டால் அசல் ஒரு லட்சமாகவே நிற்கும். 18 வருஷத்தில் வட்டி 1 லட்சத்து 26 ஆயிரம், அசலோடு 2 லட்சத்து 26 ஆயிரம். சேமிப்புக் கணக்கில் கிடக்கும் வட்டிக்குச் சொற்பம் ஏதாவது சேரும். வட்டி அசலோடு சேர வேண்டும் என்றால் விண்ணப்பத்தில் 'கியூமுலேட்டிவ்' என்ற கட்டத்தில் டிக் செய்திருக்க வேண்டும். ரசீதை எடுத்துப் பாருங்கள். முதிர்வுத் தொகை என்று போட்ட இடத்தில் போட்ட அதே தொகை இருந்தால், அது வட்டியை வெளியே அனுப்பும் டெபாசிட்.

அதே ரசீதில் தானாகப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறதா என்றும் பாருங்கள். சொல்லாமல் விட்டால், முதிர்ந்த தேதிக்குப் பிறகு சேமிப்புக் கணக்கு வட்டி அல்லது பழைய ஒப்பந்த வட்டி, இரண்டில் எது குறைவோ அதுதான். 10 வருஷம் யாரும் கேட்காவிட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரியவர் கேட்டுத் திரும்பப் பெறலாம். பெயரைப் போட்டுத் தேட ரிசர்வ் வங்கியின் உத்கம் தளம் இருக்கிறது.

"சார், மாசம் 500 ரூபாய் ஆர்.டி. போட்டா எவ்வளவு வரும்?" (தேனி)

இங்கே பேசுவது ஒரே தடவை போடும் பணம் பற்றி. ஆர்.டி.யில் ஒவ்வொரு தவணையும் வேறு வேறு காலம் வளரும், கடைசித் தவணைக்கு ஒரு மாத வட்டிதான். அந்தக் கணக்கு வேறு.

"18 வருஷம் தொடவே போறதில்லைன்னா இண்டெக்ஸ் ஃபண்டுல போடலாமே? 12 சதவீதம்னா எட்டு மடங்கு கிட்ட வருதே." (கோயம்புத்தூர்)

இண்டெக்ஸ் ஃபண்ட் என்பது பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்ட். 12 சதவீதத்தில் 7 லட்சத்து 69 ஆயிரம், 10 சதவீதத்தில் 5 லட்சத்து 56 ஆயிரம். எது வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் வரியில் ஃபண்டுக்கு ஒரு சௌகரியம் உண்டு. லாபத்தை வெளியே கொடுக்காமல் உள்ளேயே வளரவிடும் குரோத் திட்டத்தில் விற்கும்வரை வரி இல்லை. 18 முடிந்த பிறகு விற்றால் லாபம் பிள்ளையின் சொந்தக் கணக்கில் வரும். இப்போதைய விதிப்படி நீண்டகாலப் பங்கு லாபத்தில் வருஷம் 1.25 லட்சம் வரை வரி கிடையாது, அதற்கு மேல் 12.5 சதவீதம்.

முகவர் வழியாக வாங்கும் ரெகுலர் திட்டமா, முகவர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் திட்டமா என்பதைக் கவனியுங்கள். முகவர் கமிஷனால் வருஷத்துக்கு ஒரு சதவீதம் வித்தியாசம் என்றால், 12-க்குப் பதில் 11 சதவீதத்தில் 6 லட்சத்து 54 ஆயிரம்தான். ஒரு சதவீதத்துக்கு 1 லட்சத்து 15 ஆயிரம் போகிறது, போட்ட பணத்தைவிட அதிகம். இண்டெக்ஸ் ஃபண்டில் இந்த இடைவெளி பொதுவாகக் குறைவு, செலவு அதிகமான ஃபண்டுகளில்தான் இது பெரிதாகும்.

"எண்பது தொண்ணூறுகள்ல ஷேர்ல போட்டவங்க நஷ்டப்பட்டதைப் பார்த்தவன் நான். குழந்தை பணத்துல விளையாடக் கூடாது." (காரைக்குடி)

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது ஐயா. 17 வயது முடியும் நேரத்தில் சந்தை 30 சதவீதம் விழுந்தால் 7 லட்சம் 5 லட்சத்துக்குக் கீழே போகும், கல்லூரிக் கட்டணத் தேதி காத்திருக்காது. 15 வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக டெபாசிட்டுக்கு மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் 18-க்கு முன்னால் விற்றால் லாபம் மறுபடி பெற்றோர் கணக்கில் சேரும். வரியைப் பார்ப்பதா, பாதுகாப்பைப் பார்ப்பதா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் என்னிடம் இல்லை. நான் என்றால் கல்லூரிக்குத் தேவைப்படும் பகுதியை மட்டும் முன்னதாக மாற்றுவேன்.

"18 ஆனதும் பொண்ணு பைக் வாங்கணும்னு கேட்டா கொடுக்காம நிறுத்த முடியுமா?" (திருச்சி)

முடியாது. அவள் பெயரில் இருந்தால் அன்றிலிருந்து பணம் அவளுடையது, கையெழுத்தும் அவளுடையது. அது வேண்டாம் என்றால் அப்பா தன் பெயரில் போட்டு அவளை நாமினியாக வைக்கலாம், அப்போது வரியும் முழுக்க அப்பாவுக்கு.

அவள் பெயரிலேயே வைத்தால், பதினெட்டாவது பிறந்தநாளோடு ஃபோலியோ எனப்படும் ஃபண்ட் கணக்கில் நீங்கள் கார்டியனாக எதுவும் செய்ய முடியாது. அவளுடைய பான், கே.ஒய்.சி., அவள் பெயரில் வங்கிக் கணக்கு, மைனரிலிருந்து மேஜருக்கு மாற்றும் படிவம், இவை முடிந்த பிறகுதான் பணம் எடுக்கலாம். மைனர் பான் வைத்திருந்தால் அதில் புகைப்படம் இருக்காது, அதை முதலில் மாற்றுங்கள். கல்லூரி சேரும் ஜூன் மாதத்தில் ஓட வேண்டாம் என்றால், பிறந்தநாளுக்கு மூன்று மாதம் முன்பே படிவங்களை வாங்கி வைத்துவிடுங்கள்.