சம்பளம் கூடுதலா, ஜாயினிங் போனஸா?

"எனக்கு 29 வயது. சென்னையில் ஐ.டி. வேலை. கையில் இரண்டு ஆஃபர் இருக்கிறது. ஒன்றில் ஆண்டுக்கு 15 லட்சம். இன்னொன்றில் 13.8 லட்சம், ஆனால் சேர்ந்ததும் 3 லட்சம் ஜாயினிங் போனஸ். 24 மாதத்துக்குள் விலகினால் போனஸைத் திருப்பிக் கட்ட வேண்டும். 12% வட்டியில் ஒரு பர்சனல் லோன் 2.6 லட்சம் பாக்கி நிற்கிறது. இதுவரை இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை வேலை மாறியிருக்கிறேன். எதை எடுப்பது?" - பெயர் வேண்டாம், சென்னை

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 1.2 லட்சம், அதாவது மாதம் 10,000 ரூபாய். ஒரு பக்கம் இன்றைக்கே 3 லட்சம். மறுபக்கம் மாதாமாதம் 10,000. வெறுமனே வகுத்தால் 30 மாதத்தில் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் முப்பதாவது மாதம் வரும் பத்தாயிரமும் இன்று கைக்கு வரும் பத்தாயிரமும் ஒன்றல்ல. பின்னால் வரும் ஒவ்வொரு தொகையையும் வட்டியால் குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

எந்த வட்டி? பலர் இங்கே பேங்க் டெபாசிட் வட்டியைப் போட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு அது பொருந்தாது. 3 லட்சம் கைக்கு வந்தால் நீங்கள் டெபாசிட் போடப் போவதில்லை, லோனை அடைப்பீர்கள். ஆகவே உங்கள் பணத்தின் விலை 12%, மாதத்துக்கு 1%. ஒரு எச்சரிக்கை: "போனஸ் எடுத்தால் லோன் வட்டி மிச்சமாகுமே" என்று அதைத் தனியாக வேறு கூட்டிக்கொள்ளாதீர்கள். 12 சதவீதத்தை எடுத்தபோதே அந்த மிச்சம் கணக்குக்குள் வந்துவிட்டது. லோனை முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் இருந்தால் அதை மட்டும் போனஸிலிருந்து கழியுங்கள்.

எக்செல் இருந்தால் இரண்டே வரி:

```
=PV(1%,24,-10000)
=NPER(1%,-10000,300000)
```

முதல் வரி 24 மாதக் கூடுதல் சம்பளத்தின் இன்றைய மதிப்பைச் சொல்லும்: சுமார் 2,12,400 ரூபாய். இரண்டாவது வரி, எத்தனை மாதத்தில் அது 3 லட்சத்தைத் தொடும் என்பதைச் சொல்லும்: கிட்டத்தட்ட 36 மாதம். முப்பது முப்பத்தாறாகிவிட்டது.

ஆனால் இந்த 10,000 அப்படியே நிற்காது. இன்கிரிமென்ட் சதவீதத்தில் வருவதால், இரண்டு இடத்திலும் ஆண்டுக்கு 8% என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் இரண்டாம் ஆண்டில் 10,800, மூன்றாம் ஆண்டில் 11,664. போனஸ் வளராது, ஒரு தடவையோடு சரி. இதைச் சேர்த்துப் போட்டால் சமமாகும் புள்ளி சுமார் 33 மாதத்துக்கு வந்து நிற்கிறது.

வரியை நினைத்துக் குழம்ப வேண்டாம். புதிய வரி முறையில், 2025-26 நிதியாண்டின் அடுக்குகளில், உங்கள் கூடுதல் சம்பளத்தில் செஸ்ஸோடு 15.6% போகும். ஏப்ரலில் சேர்ந்து முழு ஆண்டும் வேலை பார்த்தால் 3 லட்சம் போனஸில் சுமார் 47,000 போகும், அதுவும் ஏறக்குறைய அதே விகிதம்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைவதால் 33 மாதம் அப்படியே இருக்கிறது. போனஸ் உங்களை மேல் அடுக்குக்குள் வெகுதூரம் தள்ளியிருந்தால் கதை வேறு.

இப்போது 24 மாத நிபந்தனையை இதோடு சேர்த்துப் பாருங்கள். 24க்கு முன்னால் விலகினால் போனஸ் போய்விடும், 15 லட்சம்தான் லாபம். 33க்குப் பிறகும் இருந்தால் அப்போதும் 15 லட்சம்தான் லாபம். போனஸ் ஜெயிப்பது 24க்கும் 33க்கும் நடுவிலுள்ள ஒன்பது மாதத்தில் மட்டும். இரண்டரை வருடத்தில் மாறும் உங்கள் பழக்கம் அந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. சரி, அப்படியானால் போனஸையே எடுக்கலாமா?

30வது மாதத்தில் போனஸ் முன்னிலையில் இருக்கும் தொகை, இன்றைய மதிப்பில் 26,000 ரூபாய்தான். அந்த மாதத்தின் கணக்கில் 35,500. அன்று அடுத்த கம்பெனிக்குப் போகிறீர்கள். ஹெச்.ஆர். கேட்கும் முதல் கேள்வி, "இப்போ சி.டி.சி. என்ன?" அவர்கள் பழைய சம்பளத்துக்கு மேல் 30% தருவதாக வைத்துக்கொள்வோம். 11,664 ரூபாய் வித்தியாசம் புதிய இடத்தில் 15,000க்குச் சற்று மேலாகிவிடும். 35,500 ரூபாய் முன்னிலை மூன்றே மாதத்தில் கரைந்துவிடும், அதன்பின் ஒவ்வொரு மாதமும் இழப்பு. முதல் இரண்டரை ஆண்டோடு கணக்கை நிறுத்துபவர்கள் தவறவிடுவது இதைத்தான். பழைய சம்பளத்தைக் கேட்காமல் பதவிக்கு ஏற்ற பட்டியல்படி கொடுக்கும் இடத்துக்குத்தான் போகப்போகிறீர்கள் என்றால் மட்டும் இந்த வாதம் வலுவிழக்கும்.

அப்புறம், போனஸ் திரும்பப் பெறும் விதி. ஆஃபர் லெட்டரில் பல இடங்களில் முழுத் தொகை என்றுதான் எழுதியிருப்பார்கள். உங்கள் கையில் வந்திருப்பது 2.53 லட்சம், கேட்பது 3 லட்சம். அந்தப் பணத்தையும் நீங்கள் லோனுக்குக் கட்டியிருப்பீர்கள். 18வது மாதம் ஒரு நல்ல வேலை வந்தால், புதிதாகக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும், அல்லது ஃபைனல் செட்டில்மென்ட்டில் பிடித்துக்கொள்வார்கள். இருந்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறையுமா, கம்பெனியே உங்களை அனுப்பினாலும் கட்ட வேண்டுமா என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். போனஸ் முதல் மாதச் சம்பளத்தோடு வருமா, பாதி ஓராண்டு கழித்தா என்பதும் முக்கியம். பாதி தள்ளிப்போனால் 3 லட்சத்தின் இன்றைய மதிப்பு 2.83 லட்சம்தான்.

ஆக, நானாக இருந்தால் 15 லட்சத்தை எடுப்பேன். ஒரே ஒரு விஷயம் இதைப் புரட்டிப்போடும்: அந்த 15 லட்சத்துக்குள் வேரியபிள் எவ்வளவு? ஒன்றரை லட்சம் வேரியபிள் என்றால் நிச்சயமான சம்பளம் 13.5 லட்சம், மற்ற ஆஃபரின் 13.8 முழுவதும் நிச்சயம் என்றால், அது போனஸ் இல்லாமலே மேலே நிற்கிறது. கையெழுத்துப் போடும் முன் இரண்டு லெட்டரிலும் சம்பளப் பிரிவினை அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே போட்ட 10,000 என்ற எண் அங்கிருந்துதான் வர வேண்டும், சி.டி.சி.யிலிருந்து அல்ல.

லோன் உறுத்துகிறதென்றால், 15 லட்சம் தரும் இடத்திலேயே ஒரு லட்சம் ஜாயினிங் போனஸ் கேளுங்கள். இன்னொரு ஆஃபரில் 3 லட்சம் இருக்கிறது என்று சொல்லலாம், பொய்யில்லையே. மாதச் சம்பளத்தை உயர்த்த மறுக்கும் ஹெச்.ஆர். கூட, ஒரே தடவையோடு முடியும் தொகைக்குச் சற்று இறங்கி வருவதுண்டு.