ஆளைக் குற்றம் சொல்லும் முன் பெட்டியைப் பாருங்கள்

கேள்வி: ரிட்டர்ன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வாடிக்கையாளர் அனுப்பும் போட்டோவை மட்டும் வைத்து, அசலை எடுத்துக்கொண்டு போலியைத் திருப்பி அனுப்புகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செக்லிஸ்ட் ஏதாவது உண்டா?

பெங்களூரில் நான்கு வருடமாக இதே வேலைதான். ஷூவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், போனுக்கு வேறு கணக்கு.

பெட்டி அழகாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள். மாற்றுகிறவர் அசல் பெட்டியில்தான் போலியை வைப்பார். ஷூ நாக்கின் உட்புறம் தைத்திருக்கும் சின்ன லேபிளை, ஃபிளாஷ் இல்லாமல் நேராக, இரண்டு காலுக்கும் தனித்தனியே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அருகில் ஆர்டர் எண்ணைக் கையால் எழுதிய தாள் இருக்கட்டும், பழைய படம் வராது. லேபிளிலுள்ள மாடல் எண்ணும் அளவும் பெட்டி ஸ்டிக்கரோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சில பிராண்டுகளில் அந்த எண்ணின் கடைசிப் பகுதி நிறத்தைக் குறிக்கும். போலி செய்கிறவர்கள் ஒரே லேபிளைப் பல நிறங்களுக்கும் தைத்துவிடுவதால் அங்கேதான் பெரும்பாலும் மாட்டுவார்கள். எண் பொருந்தினால் அசல் என்று அர்த்தமில்லை, லேபிளையும் நகலெடுக்கலாம். பொருந்தாவிட்டால் பெட்டியும் ஷூவும் ஒரே ஜோடி இல்லை என்பது மட்டும்தான் தெரியும். மாற்றியது யார் என்று அது சொல்லாது.

இந்தக் கடைசி வரியை நான் கற்றது அவமானப்பட்டுத்தான். அல்சூரிலிருந்து ஒருவர் கறுப்பு ஷூ, எட்டாம் அளவு, திருப்பியிருந்தார். லேபிளில் இருந்ததோ வெள்ளை ஷூவுக்கான எண். 'மாற்றப்பட்டது' என்று குறித்துப் பணத்தை நிறுத்தினேன். போனில் தமிழிலேயே கேட்டார்: "தம்பி, ஒரு தடவை மாட்டினேன், குதிகால் கடித்தது, கழற்றி வைத்துவிட்டேன். என்னைத் திருடன் என்கிறீர்களா?" வழக்கமான பதிலைத்தான் வாசித்தேன்.

மேலாளர் படத்தைப் பெரிதாக்கினார். பெட்டியின் ஓரத்தில் எங்கள் கிடங்கு ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் கிழிந்த மூலை எட்டிப் பார்த்தது. பதிவேட்டைத் திறந்தோம். அதே பெட்டி இரண்டு வாரத்துக்கு முன் வேறொருவருக்குப் போய், 'அளவு சரியில்லை' என்று திரும்பி, யாரும் திறந்து பார்க்காமலே மறுபடி அலமாரி ஏறியிருந்தது. போலியை வைத்தவர் முதல் ஆள். பழி விழுந்தது இரண்டாமவர் மேல்.

"எல்லா வாடிக்கையாளரும் உத்தமரா?" என்று கேட்க வருவீர்கள். இல்லை, ஏமாற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் லேபிள் மாறியிருந்தால், அந்தப் பெட்டி முன்பு எங்கெங்கே போய் வந்தது என்று பார்க்காமல் நிராகரிக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கேஸ் என்று கணக்குக் கேட்கிறவர்கள் இதற்கு நேரம் தர மாட்டார்கள்.

அல்சூர்க்காரருக்கு மறுநாளே பணம் போனது. மன்னிப்புக் கேட்க நானே கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை.