எந்தச் சித்தூர்?

*என் தங்கை கல்யாணம் தை மாதம், எங்கள் ஊரான சித்தூரில் (பாலக்காடு ஜில்லா). மாப்பிள்ளை வீட்டார் வேலூர். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு கல்யாண வெப்சைட் செய்கிறேன். நேரம், வழி, உடை, தங்குமிடம் பற்றி என்னென்ன எழுத வேண்டும்? நான் எழுதியதைப் பார்த்த மாமா 'ஒன்றும் புரியலை' என்கிறார்.*
*ஒரு வாசகர், சித்தூர்*

தம்பி, மாமா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். வேலூர்க்காரரிடம் 'சித்தூர்' என்றால் அவர் மனதில் வருவது ஆந்திராவில் இருக்கும் சித்தூர். அது அவருக்குப் பக்கத்து ஊர், காட்பாடியிலிருந்து நேரே ரயில் இருக்கிறது. உங்கள் சித்தூருக்கோ ரயில் நிலையமே கிடையாது. ரயில் டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் பெயரைத் தட்டினால் CTO என்ற குறியீட்டோடு ஆந்திரச் சித்தூர்தான் வந்து நிற்கும். இரண்டு ஊருக்கும் நடுவே 400 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் உறவில் ஒரு சித்தப்பா இப்படித்தான் வேறு ஊர் மண்டபத்தில் நின்றுகொண்டு போன் செய்தார். அப்போது தாலி கட்டி முடிந்திருந்தது.

அதனால் ஊர்ப் பெயர் வரும் இடமெல்லாம் 'சித்தூர், பாலக்காடு ஜில்லா, கேரளா' என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் கேரளச் சித்தூரை Chittur என்றும் ஆந்திராவினுடையதை Chittoor என்றும் எழுதுவது வழக்கம். ஆனால் அந்த ஒற்றை எழுத்தை நம்பி யாரையும் அனுப்பாதீர்கள், பின்கோடையும் போடுங்கள். உங்களுடையது 678-ல் தொடங்கும், ஆந்திராவினுடையது 517-ல். வரைபடத்துக்குப் பெயரைத் தேடச் சொல்லாமல், மண்டபத்து வாசலில் நின்று நீங்களே எடுத்த லொகேஷன் லிங்கைக் கொடுத்துவிடுங்கள்.

ரயிலுக்கு ஒரே வரி போதும்: 'காட்பாடியில் ஏறி, பாலக்காடு ஜங்ஷனில் (PGT) இறங்கவும்.' பாலக்காடு டவுன் (PGTN) வேறு நிலையம். ஜங்ஷன் இருப்பது ஒலவக்கோட்டில், டவுன் நிலையம் ஊருக்குள். அழைத்துப் போக வரும் வண்டி ஒன்றிலும் விருந்தாளி இன்னொன்றிலும் நிற்பது அடிக்கடி நடக்கும். ஜங்ஷனிலிருந்து மண்டபத்துக்கு எத்தனை நிமிஷம் என்பதை அதே காலை நேரத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். வேன் பிடித்து வருகிறவர்களுக்கு, கேரள பர்மிட்டும் வரியும் வண்டிக்காரர் கட்டிவிட்டாரா என்று புறப்படும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். வாளையாறு எல்லையில் ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டுப் பலனில்லை.

நேரத்தில் நீங்கள் செய்திருக்கக்கூடிய தப்பு, முகூர்த்தத்தை மட்டும் எழுதியது. காலை 9.00 முதல் 10.00 வரை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். வெளியூர்க்காரருக்கு வேண்டியது வேறு: '8.30-க்குள் வந்து உட்காருங்கள், டிபன் 7.30 முதல், மதியச் சத்யை விருந்து முதல் பந்தி 11.30, வேன் திரும்பப் புறப்படுவது 2.30.' கோயிலில் தாலி கட்டி, அப்புறம் மண்டபம் என்றால், எது எங்கே என்பதை ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்திலேயே போடுங்கள்.

உடைக்கு 'பாரம்பரிய உடை' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கேரளக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியோடுதான் உள்ளே போகமுடியும். வேலூரிலிருந்து பேண்ட் போட்டு வருகிற மாப்பிள்ளையின் நண்பர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். உங்கள் கோயில் வழக்கத்தை அங்கேயே கேட்டு, 'ஆண்களுக்கு வேட்டி கட்டாயம், மேலே துண்டு. இல்லாதவர்களுக்கு வாசலில் பத்து வேட்டி வைத்திருக்கிறோம்' என்று எழுதுங்கள். எழுதினால் நிஜமாகவே வையுங்கள். பெண்களுக்குச் சேலையா, சுடிதாரும் ஆகுமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். மண்டபத்துக்கு எது போட்டாலும் சரி, அங்கே விதி வேண்டாம்.

தங்குமிடத்தில் எல்லா லாட்ஜ் பெயரையும் அடுக்காமல், நீங்கள் பிடித்து வைத்த அறைகளை மட்டும் எழுதுங்கள். யார் பெயரில் பதிவு, யார் பணம் கட்டுவது, எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், பெரியவர்கள் ஒவ்வொருவரும் அசல் அடையாள அட்டை கொண்டு வர வேண்டும் என்பவை போதும். செக்-இன் பகல் 12 மணி என்கிற லாட்ஜில், அதிகாலை ரயிலில் இறங்கும் பாட்டி ஆறு மணி நேரம் வரவேற்பறை நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும். அதனால் அறையை முந்தின ராத்திரியிலிருந்தே எடுத்துவிடுங்கள். முட்டி வலிக்காரர்களுக்குக் கீழ்த்தளம், வெஸ்டர்ன் டாய்லெட் என்று கேட்டு வாங்குங்கள்.

பக்கத்தை வெளியிடும் முன் வேலூரில் உள்ள ஒரு அத்தைக்கு லிங்கை அனுப்பி, வேறு எதையும் விளக்காமல், எங்கே இறங்கப் போகிறார் என்று மட்டும் கேளுங்கள். 'காட்பாடி தாண்டி அரை மணி நேரம்தானே' என்றால் மறுபடி எழுத வேண்டும்.