கவுன்சலரிடம் சொல்வது ஹெச்.ஆர். காதுக்குப் போகுமா?

சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். வயது 34. மூன்று மாதமாக ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஞாயிறு மாலையே நெஞ்சு படபடக்கிறது. எங்கள் கம்பெனியில் வெளி நிறுவனம் ஒன்றின் மூலம் ஆறு முறை இலவச கவுன்சலிங் தருகிறார்கள். ‘முழு ரகசியம்’ என்று மெயிலில் போட்டிருக்கிறார்கள். ஆனால் பணம் கொடுப்பது கம்பெனிதானே? இரண்டு மாதத்தில் அப்ரைசல். ‘இவளுக்கு அழுத்தம் தாங்காது’ என்று மேனேஜர் நினைத்துவிட்டால்? போகலாமா, வேண்டாமா?
- ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். ஆனால் பேசத் தொடங்கும் முன், முதல் அழைப்பிலேயே இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, “பில்லில் என் பெயரோ ஊழியர் எண்ணோ போகுமா?” பல ஒப்பந்தங்களில் ஊழியர் தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுத் தொகை பேசியிருப்பார்கள். அங்கே யார் வந்தார் என்று பில்லில் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. வந்த முறைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் ஒப்பந்தமானால், பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, “கம்பெனிக்கு நீங்கள் தரும் அறிக்கையில் என்னென்ன இருக்கும்?” வழக்கமாக எண்ணிக்கை மட்டும் போகும்: இந்தக் காலாண்டில் 14 பேர் வந்தார்கள், அதில் 9 பேருக்கு வேலை அழுத்தம், 5 பேருக்குக் குடும்பப் பிரச்சினை என்பதுபோல. 600 பேர் வேலை செய்யும் இடத்தில் இதை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. அதே அறிக்கையைப் பிரிவுவாரியாகப் பிரித்து, ‘டெஸ்டிங் பிரிவு, பெண், 30-35 வயது, ஒருவர்’ என்று போட்டால் பெயர் எழுதியதற்குச் சமம். ஆகவே சிறு குழுக்களைத் தனியாகக் காட்டுவார்களா என்று குறிப்பாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்தச் சேவையை விட்டுவிடுவதே நல்லது.

நடைமுறையில் விஷயம் கசிவது பெரும்பாலும் கவுன்சலர் வாய்வழியாக அல்ல. ஆபீஸ் மெயில் ஐ.டி.யில் பதிவு செய்தால், உறுதிப்படுத்தும் மெயில் கம்பெனி சர்வரில் உட்கார்ந்திருக்கும். டீம் முழுக்கப் பார்க்கும் காலண்டரில் ‘கவுன்சலிங், 4 மணி’ என்று விழும். ஆபீஸ் லேப்டாப்பில் கண்காணிப்பு மென்பொருள் இருக்கலாம். சொந்த மெயில், சொந்த போன், சொந்த டேட்டா, வேலை நேரத்துக்கு வெளியே வீட்டிலிருந்து அழைப்பு. இந்த நான்கையும் கடைப்பிடித்தால் பெரிய ஓட்டைகள் அடைந்துவிடும். பதிவுப் படிவத்தில் ‘அவசரத் தொடர்பு’ என்ற இடத்தில் மேனேஜரையோ சக ஊழியரையோ எழுதாதீர்கள். வீட்டு மனிதர் ஒருவரை எழுதுங்கள்.

ஏனென்றால் ரகசியத்துக்கு எல்லை உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, மனநல சிகிச்சை பெறுபவரின் விவரங்களைக் காப்பது அவருடைய உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களில் மட்டும், தேவையான அளவுக்குச் சொல்லலாம். ‘வாழ்க்கையே வெறுத்துப்போச்சு’ என்று சொன்னவுடன் யாரும் உங்கள் வீட்டுக்குப் போன் போட்டுவிட மாட்டார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளத் திட்டமும் வழியும் தயாராக இருப்பது போன்ற உடனடி ஆபத்து தெரிந்தால்தான் பொதுவாக அந்த அவசரத் தொடர்பு எண்ணை அழைப்பார்கள். எந்த நிலையில், யாரை அழைப்பீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்கலாம். நல்ல கவுன்சலர் நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்.

ஒன்றில் மட்டும் கவனம். நீங்களாகப் போவதும், மேனேஜர் அனுப்பிப் போவதும் ஒன்றல்ல. மேனேஜர் முறைப்படி அனுப்பினால், வந்தாரா இல்லையா என்ற தகவல் திரும்பிப் போக உங்களிடம் கையெழுத்து வாங்குவது உண்டு. எதற்குச் சம்மதிக்கிறீர்கள் என்று வரிவரியாகப் படியுங்கள். வருகை மட்டும் என்றால் சரி. ‘முன்னேற்றம்’, ‘மதிப்பீடு’ போன்ற சொற்கள் இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்திடக் கேளுங்கள். உங்களை யாரும் அனுப்பவில்லை. அப்படி அனுப்பும் நிலை வரும் முன்பே நீங்களாகப் போவது இந்த வகையிலும் நல்லது.

மேனேஜரோடு தகராறு முற்றி, புகாரோ நீண்ட விடுப்போ வரப்போகிறது என்று தோன்றினால், கம்பெனி ஏற்பாட்டை விட்டு வெளியே சொந்தச் செலவில் ஒருவரைப் பாருங்கள். அந்தக் குறிப்புகள் கம்பெனி ஒப்பந்தத்துக்குள் வராது. பில்லை ஆபீஸில் கொடுத்துப் பணம் திரும்பக் கேட்டால் மட்டும் அந்தப் பலன் போய்விடும். விடுப்புச் சான்றிதழில் நோயின் பெயர் இல்லாமல் ‘மருத்துவக் காரணங்களுக்காக ஓய்வு தேவை’ என்று எழுதித் தர முடியுமா என மருத்துவரிடம் கேட்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துப் படபடப்போடு கிடக்கும்போது, அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், கம்பெனிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மூன்று மாதப் படபடப்பு என்பதால், வீட்டுப் பக்கத்து மருத்துவரிடம் தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துவிடுங்கள். ஆபீஸ் கிளினிக்கில் வேண்டாம்.