மனைவியிடம் சொல்லாத முடிவு

கேள்வி: எனக்கு 42 வயது. வங்கி வேலையை விட்டுவிட்டு ஓர் ஆசிரமத்தில் போய்த் தங்கிவிடத் தீர்மானித்திருக்கிறேன். டென்மார்க் தத்துவஞானி கீர்க்ககார்ட் சொல்லும் ‘நம்பிக்கைத் தாவல்’ இதுதான் என்று தோன்றுகிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். கீர்க்ககார்ட் சொல்லும் வாழ்வின் மூன்று நிலைகளில் நான் எங்கே நிற்கிறேன்?

பதில்: மனைவியிடம் சொல்லவில்லை என்பதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டுவது அந்த வரிதான்.

கீர்க்ககார்ட் 1843-இல் வெளியிட்ட ‘இது அல்லது அது’ நூலில் ஓர் இளைஞன் வருகிறான். சலிப்புதான் எல்லாத் தீமைக்கும் வேர் என்றும், உழவர் பயிரை மாற்றுவதுபோல வாழ்வை அனுபவிக்கும் முறையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும், திருமணத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றும் அவன் சொல்கிறான். இது அழகியல் நிலை. அவனுக்கு நீண்ட கடிதங்கள் எழுதும் நீதிபதி வில்லியம் அறநிலையில் நிற்பவர். ஒன்றைத் தேர்ந்து, அதற்கு நாள்தோறும் பொறுப்பேற்பவர். ஒளிவுமறைவு இல்லாமல் இருப்பதே இல்லறத்தின் உயிர் என்பது அவர் வாதம். அந்த வாதத்துக்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறது?

கடவுள் கேட்டபடி மகன் ஈசாக்கைப் பலியிடப் புறப்பட்ட பைபிளின் ஆபிரகாமும் மனைவி சாராளிடம் சொல்லவில்லையே என்பீர்கள். அதே ஆண்டில் வந்த ‘அச்சமும் நடுக்கமும்’ அந்த மௌனத்தைத்தான் ஆராய்கிறது. நாட்டுக்காக மகளைப் பலியிட்ட கிரேக்க மன்னன் அகமெம்னோனின் துயரம் ஊருக்கே புரியும். அவன் அறத்தின் எல்லைக்குள் நிற்கிறான். மகனை மோரியா மலைக்கு அழைத்துப்போன ஆபிரகாம், அந்த மூன்று நாள் பயணத்தில் வாய் திறந்திருந்தாலும் ஒருவருக்கும் புரிந்திருக்காது, ஏனென்றால் கடவுளுக்கும் அவருக்கும் இடையே நடந்ததைச் சொல்லப் பொதுவான சொல் எதுவும் இல்லை. அதனால்தான் காரணங்களை எத்தனை அடுக்கினாலும் மூன்றாவதான சமய நிலைக்கு ஏறிவிட முடியாது, தாவத்தான் வேண்டும் என்கிறார் கீர்க்ககார்ட். உங்கள் முடிவோ பத்து நிமிடத்தில் சொல்லிவிடக் கூடியது. மனைவி அழுவார், கணக்குக் கேட்பார் என்று அஞ்சி மறைக்கிறீர்கள். இது அந்த இளைஞனின் மௌனம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆபிரகாமுக்கு ஈசாக்கு பாரமாக இருக்கவில்லை. உயிருக்கு உயிரான மகனை இதே பூமியில், இந்த வாழ்விலேயே திரும்பப் பெறுவோம் என்று நம்பியதுதான் அவருடைய தாவல். நம்பிக்கை உள்ள மனிதனைப் பார்த்தால் வரி வசூலிப்பவர்போல் சாதாரணமாக இருப்பான் என்கிறது அந்நூல். மாலையில் வீடு திரும்பும் வழியில், மனைவி சூடாக என்ன சமைத்திருப்பாள் என்று ஆசையோடு நினைத்துக்கொண்டே நடப்பான். பள்ளிப் பிள்ளைகள் இருவரின் சுமையை ஒருத்தியின் தலையில் இறக்கிவிட்டுப் போவதற்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்; தகப்பனுக்கு அந்த உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கீர்க்ககார்ட் 1841-இல் ரெகீனாவுடனான திருமண நிச்சயத்தை முறித்துக்கொண்டவர். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தம் நாட்குறிப்பில், தமக்கு நம்பிக்கை இருந்திருந்தால் அவளோடு இருந்திருப்பேன் என்று எழுதினார். எனக்கு அனுப்பிய கடிதத்தை இன்றிரவே உங்கள் மனைவியின் கையில் கொடுங்கள். அவர் படித்துப் பதில் சொல்லும்வரை ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்.