வறட்சியில் பிறந்த பிள்ளையும் இரண்டு வயதுக் கணக்கும்

"2017 ஜனவரியில், மழையே இல்லாத நேரத்தில் பிறந்த என் மூத்த மகனுக்கு இப்போது எட்டு வயது. உயரம் 117 செ.மீ. ஆறு வயது இளையவன் 111 செ.மீ. மூத்தவனுக்கு உயரத்துக்கென்று விற்கும் சத்துமாவு வாங்கித் தரலாமா? இந்த ஆண்டும் நெல் கருகிவிட்டது. வீட்டில் ஒன்பது மாதக் கைக்குழந்தை வேறு இருக்கிறாள்."
— ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தைக் கைக்குழந்தைக்குச் செலவிடுங்கள்.

குழந்தை முதல் ஆண்டில் சுமார் 25 செ.மீ., இரண்டாம் ஆண்டில் சுமார் 12 செ.மீ. வளர்கிறது. பள்ளி வயதில் ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ.தான். ஆகவே, விளைச்சல் பொய்த்த காலத்தில் பிள்ளைக்கு என்ன வயது என்பதே முக்கியம். ஜிம்பாப்வேயில் 1994-95 வறட்சிக்குப் பின் குழந்தைகளை அளந்தபோது, ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இருந்தவர்கள் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. வரை இழந்திருந்தார்கள். பெரிய பிள்ளைகளிடம் அந்த இழப்பு தெரியவில்லை. கால்நடை வைத்திருந்த குடும்பங்களும் ஓரளவு தப்பின.

உங்கள் மகன் பிறந்தபோது தாய்ப்பால் அவனைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் 2016இல் இரண்டு பருவமழையும் பொய்த்தபோது கறவை மாட்டை விற்றிருந்தால், அடுத்த மழையோடு அது திரும்பி வந்திருக்காது. அவனுக்குப் பால் தேவைப்பட்ட இரண்டாம் வயதிலும் தொழுவம் காலியாகத்தான் இருந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவன அளவுப்படி, எட்டு வயதுப் பையனின் நடுத்தர உயரம் 127 செ.மீ. சுமார் 116க்குக் கீழே போனால்தான் வளர்ச்சி குன்றியதாகக் கொள்வார்கள். இளையவன் இதே போக்கில் வளர்ந்தால் எட்டு வயதில் 121 அல்லது 122 இருப்பான். அண்ணனைவிட நான்கைந்து செ.மீ. அதிகம். அது முழுவதையும் வறட்சியின் தலையில் கட்ட முடியாது. உடன்பிறந்தவர்களுக்குள் இயல்பாகவே வேறுபாடு உண்டு. பெற்றோர் குட்டை, அதனால் பரம்பரை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பெற்றோரே ஒரு பஞ்சத்தில் வளர்ந்தவர்களா என்று யாரும் கேட்பதில்லை!

மூத்தவனைக் காலை நேரத்தில், வெறுங்காலுடன், குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். மாலையில் அளந்தால் சற்றுக் குறைவாகக் காட்டும். ஓராண்டில் ஐந்து செ.மீ. கூடினால் கவலையில்லை. நான்குக்கும் குறைந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். இந்த வயதில் மாவைத் திணித்தால் உயரத்தைவிட இடுப்புதான் பெருக்கும்.

கைக்குழந்தைக்கு இரண்டு வயது வரை தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அங்கன்வாடியில் தரும் அமிர்தம் பொடி அவளுக்கானது. அரிசி குறையும் மாதங்களில் அது எல்லோருடைய தட்டுக்கும் பிரிந்துவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். தினம் மூன்று வேளை கெட்டியான கஞ்சி, அதோடு நன்றாக வெந்த ஒரு முட்டை கொடுங்கள். வெள்ளம் வந்து கிணறு கலங்கினால் கொதித்து ஆறிய நீர் மட்டுமே தர வேண்டும். அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, சாப்பிட்டது உடலில் சேராமல் செய்துவிடும். கடனுக்கு எதையாவது விற்றே ஆக வேண்டுமென்றால், அவளுக்கு இரண்டு வயது முடியும் வரை கறவை மாட்டைக் கடைசியாக வையுங்கள்.