மீதி 880 ரூபாய் எங்கே போனது?

"பொருளாதாரப் பாடத்தில் வரும் வட்ட ஓட்டத்தில் குடும்பங்களின் செலவு முழுவதும் குடும்பங்களுக்கே வருமானமாகத் திரும்பும் என்கிறார்கள். 1000 ரூபாய்க்குச் சட்டை வாங்கினால் கடைக்காரர் சம்பளமாகத் தருவது 120தானே? கணக்கு இடிக்கிறது."

ஒரு கடையோடு நிறுத்திவிட்டீர்கள், அதனால்தான் இடிக்கிறது. சட்டையைப் பின்னோக்கித் தொடருங்கள். எண்கள் என் கற்பனைதான்.

கடைக்காரர் அதை 700க்கு வாங்கியிருந்தார். மிச்சம் 300. அதில் சம்பளம் 120, கடை வாடகை 80, கடன் வட்டி 30, அவர் லாபம் 70. லாபமும் வருமானம்தான், அவரும் ஒரு குடும்பத்துக்காரர். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

700 வாங்கிய தையல் கம்பெனி துணிக்கு 400 கொடுத்தது. 300 அங்கே இதேபோல் பிரிந்தது. துணி விற்ற மில் பஞ்சுக்கு 250 கொடுத்தது, அங்கே மிச்சம் 150. அந்த 250 விவசாயிக்கும் அவர் கூலியாட்களுக்கும். (உரச் செலவை விட்டுவிட்டேன்.) கூட்டுங்கள்: 300, 300, 150, 250. சரியாக 1000.

விற்பனைகளைக் கூட்டினால் 2350 வரும், அது தவறு. பஞ்சு ஒன்றே நான்கு முறை எண்ணப்பட்டிருக்கும்.

பஞ்சு எகிப்திலிருந்து வந்திருந்தால் 250 இந்த வட்டத்தை விட்டு வெளியே போயிருக்கும். வரியும் சேமிப்பும் அப்படித்தான் கசியும். அரசுச் செலவு, முதலீடு, ஏற்றுமதி வழியாக அதே அளவு திரும்ப நுழையாவிட்டால் அடுத்த சுற்றில் ஓட்டம் சுருங்கும். உங்கள் பாடப் படத்தில் இருப்பது கசிவே இல்லாத இருதுறை மாதிரி, அதாவது குடும்பங்களும் நிறுவனங்களும் மட்டுமே உள்ளது.